ஆயிரம் கட்டையும் ஒற்றைக் கட்டையும் சமம்

ஹென்றி டியூட்னி என்ற ஆங்கிலேயப் புதிர் ஆசிரியர் 1907-இல் வெளியிட்ட 'கேன்டர்பரி புதிர்கள்' நூலில், ரிப் வான் விங்கிள் கட்டை விழுத்தி விளையாடும் ஒரு புதிர் வருகிறது. வாஷிங்டன் இர்விங்கின் கதையில் இருபது ஆண்டுகள் தூங்கி எழுந்தாரே, அதே ரிப் வான் விங்கிள்தான். எதிரே ஆடுபவர் மலையில் வாழும் ஒரு குள்ள மனிதர். 13 கட்டைகள் ஒரே வரிசையில் நிற்கின்றன. இருவரும் மாறி மாறிப் பந்தை உருட்ட வேண்டும். ஒரு முறையில் ஒரு கட்டையை விழுத்தலாம். அல்லது இடைவெளி இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டை விழுத்தலாம். இருவருமே குறி தவறாதவர்கள். கடைசிக் கட்டையை விழுத்துகிறவர் வென்றவர். குள்ள மனிதர் இரண்டாவது கட்டையை விழுத்திவிட்டார். இப்போது ரிப்பின் முறை. அவர் எதை அடிக்க வேண்டும்?

இந்த ஆட்டத்துக்குக் கேல்ஸ் என்று பெயர். ரிப்பின் முன்னால் இப்போது இரண்டு துண்டுகள் இருக்கின்றன. முதல் கட்டை தனியாக நிற்கிறது; 3 முதல் 13 வரை 11 கட்டைகள் சேர்ந்து நிற்கின்றன. தனிக்கட்டையை விழுத்த ஒரு வழி, நீண்ட துண்டில் ஒற்றைக் கட்டையை விழுத்த 11 வழி, இரட்டையாக விழுத்த 10 வழி என்று மொத்தம் 22 அடிகள் அவருக்கு உண்டு. அவற்றில் வெற்றி தருபவை இரண்டே இரண்டு. அவையும் கண்ணாடியில் பார்த்தது போல ஒன்றுக்கொன்று இடவல மாற்றம்தான். மீதி இருபதில் எதை அடித்தாலும், எதிரி பிழை செய்யாதவரை, ரிப் தோற்றுப்போவார்.

அந்த அடியை ஊகிக்காமல் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம். ஆட்டத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண் கொடுத்து, அந்த எண்களை ஒரு குறிப்பிட்ட முறையில் சேர்த்துப் பார்த்தால் போதும்.

துண்டும் துண்டும்

கேல்ஸ் ஆட்டத்தின் இயல்பை முதலில் கவனிக்க வேண்டும். நடுவில் ஒரு கட்டை விழுந்ததும் வரிசை இரண்டாகப் பிளக்கிறது. அதன்பின் இடப்பக்கம் நடப்பது வலப்பக்கத்தைப் பாதிக்காது. ஒரே அடியில் இரு பக்கமும் கட்டை விழவும் முடியாது. விழுந்த கட்டை இருந்த இடம் சுவர் மாதிரி பிரித்துவிடுகிறது. ஆட்டக்காரர் ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு துண்டைத் தேர்ந்தெடுத்து அதற்குள் மட்டும் ஆடுகிறார்.

இரண்டு துண்டுகளும் ஒரே நீளமாக இருந்தால் கணக்கே வேண்டாம். இரண்டாவதாக ஆடுகிறவர், எதிரி ஒரு துண்டில் செய்வதை அப்படியே மற்றத் துண்டில் செய்துகொண்டு போனால் போதும். எதிரிக்கு ஓர் அடி இருந்தால் அதற்குப் பதிலடி இவரிடம் கட்டாயம் இருக்கும்; எனவே கடைசி அடி இவருடையதாகவே முடியும். குள்ள மனிதர் தொடக்கத்தில் நடுக்கட்டையான ஏழாவதை விழுத்தி, ஆறும் ஆறுமாகப் பிரித்திருந்தால் ஆட்டம் அவர் கையில்தான். இரண்டாவது கட்டையை அடித்ததில் அவர் தவறிவிட்டார்.

நீளம் வேறாக இருக்கும்போதுதான் சிக்கல். ஆனால் நீளம் வேறாக இருந்தும் ஒன்றையொன்று ஈடுகட்டும் துண்டுகள் உண்டு. நான்கு கட்டைகள் கொண்ட துண்டு ஒன்று, பக்கத்தில் ஒற்றைக் கட்டை ஒன்று என்று வைத்துக்கொள்வோம். முதலில் ஆடுகிறவர் என்ன செய்தாலும் தோற்பார். நம்ப முடியவில்லை என்றால் தீக்குச்சிகளை அடுக்கிப் பார்க்கலாம். அவர் ஒற்றைக் கட்டையை விழுத்தினால், நாம் நான்கின் நடுவில் உள்ள இரண்டை விழுத்தி ஒன்றும் ஒன்றுமாக விட்டுவிடுவோம். அவர் நான்கின் ஓரத்தில் ஒன்றை எடுத்து மூன்றாக்கினால், நாம் அந்த மூன்றில் ஓரத்து இரண்டை விழுத்துவோம்; மறுபடி ஒன்றும் ஒன்றும். ஓரத்தில் இரண்டை எடுத்தால், மிஞ்சிய இரண்டில் ஒன்றை நாம் எடுப்போம். நடுவில் இரண்டை எடுத்தால் மூன்று தனிக்கட்டைகள் நிற்கும். ஒன்றை எடுத்து இரண்டாக்குவோம். நடுவில் ஒன்றை எடுத்தால் ஒன்று, இரண்டு, ஒன்று என்று நிற்கும். அந்த இரண்டையும் சேர்த்து விழுத்துவோம். எந்த வழியில் போனாலும் ஒன்றும் ஒன்றுமே மிஞ்சுகிறது, அடி எடுக்க வேண்டியவர் அவராகவே இருக்கிறார்.

ஆக, நான்கு கட்டைத் துண்டும் ஒற்றைக் கட்டையும் ஒன்றுக்கொன்று ஈடு. ஒரு துண்டின் மதிப்பு அதன் நீளத்தில் இல்லை என்பது இதிலேயே தெரிகிறது. அப்படியானால் அந்த மதிப்பை எப்படிக் கண்டுபிடிப்பது?

நிம் காட்டிய வழி

விடையின் பாதி 1901-இல் கிடைத்துவிட்டது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சார்லஸ் பவுட்டன், நிம் என்று தாம் பெயரிட்ட ஓர் ஆட்டத்தை முழுமையாகத் தீர்த்தார். சில குவியல்களில் காய்கள் இருக்கும். ஒரு முறையில் ஏதாவது ஒரு குவியலிலிருந்து எத்தனை காய் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஒன்றாவது எடுத்தே ஆக வேண்டும். கடைசிக் காயை எடுப்பவர் வெற்றி.

பவுட்டனின் முறை இது. ஒவ்வொரு குவியலின் எண்ணிக்கையையும் 1, 2, 4, 8 என்று இரட்டித்துப் போகும் எண்களாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். 6 என்பது 4-உம் 2-உம். 3 என்பது 2-உம் 1-உம். 5 என்பது 4-உம் 1-உம். பிறகு எல்லாக் குவியல்களையும் சேர்த்துப் பார்த்து, ஒரே எண் இரண்டு முறை வந்தால் அந்த ஜோடியை அடித்துவிட வேண்டும். 6, 3, 5 என்ற மூன்று குவியல்களில் இரண்டு 4, இரண்டு 2, இரண்டு 1 வருகின்றன. எல்லாம் ஜோடி ஜோடியாக அடிபட்டு மிச்சம் பூஜ்யம். மிச்சம் பூஜ்யமாக இருக்கும் நிலையில் அடி எடுக்க வேண்டியவர் தோற்பார். பூஜ்யம் இல்லையென்றால், அதைப் பூஜ்யமாக்கும் ஓர் அடி அவருக்குக் கட்டாயம் இருக்கும்.

ஜோடியை அடித்துவிடும் இந்தக் கூட்டலைத்தான் கணினித் துறையில் எக்ஸார் என்கிறார்கள். மாடிப்படி விளக்குக்குக் கீழே ஒரு சுவிட்சும் மேலே ஒரு சுவிட்சும் இருக்கும் அல்லவா? எதை ஒரு முறை தட்டினாலும் விளக்கின் நிலை மாறும். இரண்டையும் தட்டினால் பழைய நிலைக்கே வந்துவிடும். 1, 2, 4, 8 ஒவ்வொன்றுக்கும் அப்படி ஒரு விளக்கு இருப்பதாக நினைத்துக்கொண்டால் எக்ஸார் முழுவதும் புரிந்துவிடும். சாதாரணக் கூட்டலோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 3-உம் 1-உம் சாதாரணமாகக் கூட்டினால் 4. எக்ஸாரில் 1-உம் 1-உம் அடிபட்டு 2 மட்டும் மிஞ்சும்.

விடுபட்ட எண்

நிம்மில் குவியலின் அளவே அதன் எண். கேல்ஸ் போன்ற ஆட்டத்தில் துண்டுக்கு என்ன எண் கொடுப்பது? இதற்கான விடையை ஜெர்மனியின் ரோலண்ட் ஸ்பிராக் 1935-இலும், இங்கிலாந்தின் பேட்ரிக் மைக்கேல் கிரண்டி 1939-இலும், ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாமலேயே கண்டுபிடித்தார்கள். அந்த எண்ணைக் கிரண்டி எண் என்பது வழக்கம்.

விதி ஒரே வரிதான். ஒரு துண்டிலிருந்து ஓர் அடியில் போகக்கூடிய நிலைகளின் எண்களையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். பூஜ்யத்திலிருந்து எண்ணிக்கொண்டு வரும்போது அந்தப் பட்டியலில் முதலில் விடுபட்டிருக்கும் எண்தான் அந்தத் துண்டின் எண்.

காலியிடத்தில் ஆட அடியே இல்லை, பட்டியல் வெறுமை, எனவே அதன் எண் 0. ஒற்றைக் கட்டையிலிருந்து காலியிடத்துக்கு மட்டும் போகலாம். பட்டியலில் 0 இருக்கிறது, 1 இல்லை. எனவே எண் 1. இரண்டு கட்டையிலிருந்து ஒன்றுக்கோ காலியிடத்துக்கோ போகலாம். 0, 1 இரண்டும் இருப்பதால் எண் 2. மூன்று கட்டையிலிருந்து இரண்டுக்கும் ஒன்றுக்கும் போகலாம். நடுக்கட்டையை எடுத்தால் ஒன்றும் ஒன்றும் ஆகும். துண்டு பிளந்தால் இரு பாதிகளின் எண்களையும் எக்ஸார் செய்ய வேண்டும்; இங்கே 1-உம் 1-உம் அடிபட்டு 0. பட்டியலில் 2, 1, 0 மூன்றும் உள்ளன. எனவே எண் 3.

நான்கு கட்டையில்தான் திருப்பம். அதிலிருந்து மூன்றுக்குப் போகலாம், எண் 3. ஒன்றும் இரண்டுமாகப் பிரிக்கலாம், எக்ஸார் 3. இரண்டுக்குப் போகலாம், எண் 2. ஒன்றும் ஒன்றுமாக்கலாம், 0. பட்டியலில் 0, 2, 3 இருக்கின்றன, 1 விடுபட்டிருக்கிறது. எனவே நான்கின் எண் 1. தீக்குச்சிகளை வைத்து மேலே பார்த்ததையே இந்த விதியும் சொல்கிறது: நான்கு கட்டையும் ஒற்றைக் கட்டையும் ஈடு.

இப்படியே ஒவ்வொரு நீளமாகப் போட்டுக்கொண்டு போனால் பதினொன்று வரை கிடைக்கும் பட்டியல் இது:

| கட்டைகள் | 1 | 2 | 3 | 4 | 5 | 6 | 7 | 8 | 9 | 10 | 11 |
|---|---|---|---|---|---|---|---|---|---|---|---|
| எண் | 1 | 2 | 3 | 1 | 4 | 3 | 2 | 1 | 4 | 2 | 6 |

பட்டியலை நீங்களே தயாரிக்கும்போது தவறு நுழைய வழக்கமாக மூன்று வாசல்கள் உண்டு. துண்டு பிளக்கும் அடிகளை விட்டுவிடுவது ஒன்று. பிளந்த பாதிகளைச் சாதாரணமாகக் கூட்டிவிடுவது இரண்டு. விடுபட்ட சிறிய எண்ணுக்குப் பதிலாகப் பட்டியலின் பெரிய எண்ணுக்கு அடுத்ததை எழுதிவிடுவது மூன்று. கேல்ஸில் தவறைப் பிடிக்க ஓர் எளிய சோதனை இருக்கிறது. எந்த நீளத்துக்காவது 0 என்று விடை வந்தால் கணக்கு நிச்சயம் தவறு. ஏனென்றால் எந்த ஒற்றை வரிசையையும் நடுவில் அடித்துச் சம பாதியாக்கி, முதலில் ஆடுகிறவர் வென்றுவிடலாம்.

ரிப் அடிக்க வேண்டிய கட்டை

இப்போது புதிருக்கு வருவோம். தனிக்கட்டையின் எண் 1. பதினொன்றின் எண் 6, அதாவது 4-உம் 2-உம். சேர்த்தால் அடிபட ஜோடி எதுவும் இல்லை. 4, 2, 1 மூன்றும் மிஞ்சி 7 வருகிறது. பூஜ்யம் இல்லை என்பதால் ரிப் வெல்ல முடியும்.

அடிபடாமல் நிற்பவற்றில் மிகப் பெரியது 4. அது பதினொன்றுக்குள் இருக்கிறது. எனவே அடி பதினொன்றில்தான் விழ வேண்டும். மறுபக்கம் உள்ள 1-ஐ ஈடுகட்ட, பதினொன்றை எண் 1 உள்ள நிலைக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு கட்டையை எடுத்தால் இரு பாதிகளிலும் சேர்ந்து 10 கட்டை மிஞ்சும். பத்தாகவே விட்டால் 2. ஒன்றும் ஒன்பதும் 5. இரண்டும் எட்டும் 3. மூன்றும் ஏழும் 1. நான்கும் ஆறும் 2. ஐந்தும் ஐந்தும் 0. இரண்டு கட்டையை எடுத்தால் மிஞ்சுவது 9. அதைப் பிரிக்கும் எல்லா வழிகளிலும் 4, 0, 0, 0, 5 என்றே வருகிறது. 1 வருவது ஒரே ஒரு பிரிவில்தான்: மூன்றும் ஏழும்.

பதினொன்று என்பது 3-ஆம் கட்டையிலிருந்து 13-ஆம் கட்டை வரை. ஆறாவது கட்டையை விழுத்தினால் இடப்பக்கம் 3, 4, 5 என்று மூன்றும், வலப்பக்கம் 7 முதல் 13 வரை ஏழும் நிற்கும். பத்தாவதை விழுத்தினால் இதே பிரிவு மாறி நிற்கும். ரிப் அடிக்க வேண்டியது ஆறாவது கட்டை, அல்லது பத்தாவது கட்டை.

ஒன்று, மூன்று, ஏழு என்று நிற்கும் மூன்று துண்டுகளின் எண்கள் 1, 3, 2. 3-ஐ 2-உம் 1-உம் ஆகப் பிரித்தால் எல்லாம் அடிபட்டு மிச்சம் பூஜ்யம். இனி குள்ள மனிதர் எதைச் செய்தாலும் பூஜ்யம் கலையும். ரிப் அதைத் திரும்பப் பூஜ்யமாக்குவார். உதாரணமாகக் குள்ள மனிதர் ஏழின் ஓரத்தில் இரண்டை எடுத்து ஐந்தாக்கினால், எண்கள் 1, 3, 4. ரிப் ஐந்தை இரண்டு தர வேண்டிய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். ஐந்தை ஒன்றும் மூன்றுமாகப் பிரித்தால் 1-உம் 3-உம் சேர்ந்து 2. மறுபடி பூஜ்யம்.

எண் ஏன் பொய் சொல்வதில்லை

விடுபட்ட சிறிய எண் என்ற விதியில் இரண்டு உத்தரவாதங்கள் அடங்கியிருக்கின்றன. எண் 4 என்றால், அந்தத் துண்டிலிருந்து 0, 1, 2, 3 ஒவ்வொன்றுக்கும் போக வழி உண்டு. அதே சமயம் 4-லிருந்து இன்னொரு 4-க்குப் போக வழியே கிடையாது. இருந்திருந்தால் 4 விடுபட்டிருக்காது.

இரண்டாவது உத்தரவாதத்தால், மொத்தம் பூஜ்யமாக இருக்கும்போது எந்த அடியும் ஒரு துண்டின் எண்ணை மாற்றியே தீரும். மற்றவை மாறாததால் பூஜ்யம் கலைந்தே தீரும். முதல் உத்தரவாதத்தால், பூஜ்யம் இல்லாதபோது அதைச் சரிசெய்யத் தேவையான சிறிய எண்ணுக்குப் போக அடி கட்டாயம் கிடைக்கும். சில அடிகள் எண்ணை உயர்த்தவும் செய்யும்: நான்கிலிருந்து மூன்றுக்குப் போகும்போது 1 என்பது 3 ஆகிறது. அதனால் கவலை இல்லை. 3-லிருந்து 1-க்கு இறங்க வழி உண்டு என்று அதே விதி சொல்வதால், எதிரி உடனே பழைய எண்ணுக்கு இறக்கிவிடலாம்.

இதனால் மிச்சமாகும் உழைப்பு பெரிது. நூறு கட்டை வரிசையில் எது நிற்கிறது, எது விழுந்தது என்ற நிலைகளை எழுதப் போனால் எண்ணிக்கை 31 இலக்கம் வரும். கிரண்டி எண் முறையில் நூறு எண்கள் கொண்ட ஒரு பட்டியல் போதும்.

கேல்ஸில் அந்தப் பட்டியலும் ஓர் இடத்துக்கு மேல் வேண்டியதில்லை. ரிச்சர்டு கை, செட்ரிக் ஸ்மித் இருவரும் 1956-இல் வெளியிட்ட கட்டுரையில், கேல்ஸ் எண்கள் 12-க்கு ஒரு முறை அப்படியே திரும்ப வருகின்றன என்று காட்டினார்கள். தொடக்கத்தில் சில விதிவிலக்குகள் உண்டு; கடைசி விதிவிலக்கு 70 கட்டை. அதற்குப் பின் என்றென்றும் ஒரே சுழற்சிதான். கேல்ஸ் போல ஓர் அடியில் சில கட்டைகளை மட்டும் எடுத்து, இரண்டுக்கு மேல் பிளக்காத ஆட்டங்களில், சுழற்சியைக் குறிப்பிட்ட தூரம் வரை சரிபார்த்துவிட்டால் அதன்பின் அது கலைய வழியில்லை என்பதையும் அவர்கள் நிறுவினார்கள். 1000-ஐ 12-ஆல் வகுத்தால் மீதி 4. சுழற்சியில் அந்த இடத்தின் எண் 1. ஆக, ஆயிரம் கட்டைகள் நிற்கும் வரிசையும் ஒற்றைக் கட்டையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், முதலில் ஆடுகிறவர் தோற்பது உறுதி.

எல்லைகள்

இந்த முறை எல்லா ஆட்டத்துக்கும் பொருந்தாது. இருவருக்கும் ஒரே அடிகள் திறந்திருக்க வேண்டும். ஆடுபுலி ஆட்டத்தில் புலிக்கு ஒரு விதி, ஆட்டுக்கு ஒரு விதி என்பதால் அங்கே செல்லாது. துண்டுகள் ஒன்றையொன்று தொடக் கூடாது. பல்லாங்குழியில் ஒரு குழியின் முத்துகள் அடுத்தடுத்த குழிகளில் விழுவதால் குழிக்குக் குழி எண் கொடுக்க முடியாது.

மூன்றாவது நிபந்தனை கண்ணில் படாதது. கடைசி அடி அடித்தவர் வெல்ல வேண்டும். அதைத் திருப்பி, கடைசிக் கட்டையை விழுத்தியவர் தோற்பார் என்று வைத்தால் எண்கள் நம்மைக் கைவிட்டுவிடும். ஐந்து கட்டைக்கும் ஒன்பது கட்டைக்கும் கிரண்டி எண் 4-தான். ஆனால் தலைகீழ் ஆட்டத்தில் ஐந்து கட்டை மட்டும் நின்றால் முதலில் ஆடுகிறவர், ஒன்றை எடுத்து நான்காக விட்டு வெல்வார். ஒன்பது கட்டை நின்றால் முதலில் ஆடுகிறவர் தோற்பார். ஒரே எண், இரண்டு விதி. தலைகீழ்க் கேல்ஸை முழுதாகத் தீர்த்த வில்லியம் சைபர்ட்டின் முடிவு, ஜான் கான்வேயோடு சேர்ந்து எழுதிய கட்டுரையாக 1992-இல்தான் அச்சில் வந்தது.

நிபந்தனைகள் அனைத்தும் பொருந்தும் இடத்திலும் எண்களின் பட்டியல் எப்படிப் போகும் என்பது வேறு கேள்வி. கிரண்டியின் பெயரிலேயே ஓர் ஆட்டம் இருக்கிறது: ஒரு குவியலை எடுத்து, சமமில்லாத இரண்டாகப் பிரிக்க வேண்டும், பிரிக்க முடியாதவர் தோற்பார். ஒன்றும் இரண்டும் பிரிக்க முடியாதவை, எண் 0. மூன்று காய்களை ஒன்றும் இரண்டுமாகப் பிரிக்கலாம், எண் 1. ஒரு சிறுவனுக்கு இரண்டு நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். இந்த ஆட்டத்தின் எண்களைக் கணினியில் 3,400 கோடியைத் தாண்டிய குவியல்கள் வரை கணக்கிட்டிருக்கிறார்கள். கேல்ஸ் 71-ஆம் கட்டையிலேயே சுழற்சிக்குள் அடங்கிவிட்டது. இந்த ஆட்டத்தின் எண்கள் இன்னும் அடங்கவில்லை. என்றாவது அடங்கும் என்றோ ஒருபோதும் அடங்காது என்றோ இதுவரை யாரும் நிறுவவில்லை.